பொன்னுக்கு வீங்கி: கன்ன வீக்கமும் அதற்குப் பின் வரக்கூடியவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகனுக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்கியிருக்கிறது. இது பொன்னுக்கு வீங்கிதானா?

காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடை எலும்பின் வளைவை மூடிக்கொண்டு, இருபக்கமும் ஒவ்வொரு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி உள்ளது. பொன்னுக்கு வீங்கியை உண்டாக்கும் வைரஸ் பெரும்பாலும் இந்தக் கன்னச் சுரப்பியைத்தான் தாக்குகிறது. எனவே வீக்கம் கழுத்தின் நடுவில் இல்லாமல், காதுமடலைச் சுற்றியே திரண்டு நிற்கும். பையனுக்குப் பின்னால் நின்று பார்த்தால், வீங்கிய பக்கத்துக் காதுமடலின் நுனி சற்று மேலேயும் வெளியேயும் தள்ளப்பட்டிருப்பது தெரியும். விரலால் தடவினால், மற்ற பக்கத்தில் தெளிவாகத் தட்டுப்படும் தாடை மூலை, இந்தப் பக்கத்தில் வீக்கத்துக்குள் மறைந்து போயிருக்கும். இவ்விரண்டும் நல்ல அடையாளங்கள்.

வீக்கத்துக்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தலைவலி, உடல்வலி, பசியின்மை ஆகியவை தொடங்கியிருக்கலாம். புளிப்பான எதையாவது வாயில் வைத்தால் உமிழ்நீர் சுரக்க முயல, சுரப்பி சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் முதலில் வீங்கி, சில நாட்களுக்குள் மறுபக்கமும் வீங்கும். சிலருக்கு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். வீக்கம் முதல் மூன்று நாட்கள் வரை ஏறி, ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் வடிந்துவிடும். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிகளும் சேர்ந்து வீங்குவது உண்டு.

வேறு காரணங்களாலும் இதே இடத்தில் வீங்குமா?

வீங்கும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் சட்டென்று வீங்கி, ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிட்டால், சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் மிகச் சிவந்து, தொடவே முடியாமல் வலித்து, அழுத்தும்போது மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே உள்ள குழாய்த் துளையிலிருந்து சீழ் வந்தால் அது பாக்டீரியாத் தொற்று. நீர் குறைவாகக் குடிக்கும் முதியவர்களிடமும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருப்பவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். பொன்னுக்கு வீங்கிக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. ஆனால் இதற்கு அது உடனே வேண்டும். ஒரே குழந்தைக்கு ஆண்டுக்குப் பலமுறை கன்னம் வீங்கி வடிந்தால், அதை ஒவ்வொரு முறையும் பொன்னுக்கு வீங்கி என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் குழந்தையை வேறு காரணங்களுக்காகப் பரிசோதிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை அவசியமா?

ஊரில் பலருக்கு வந்திருக்கும் சமயத்தில், மேலே சொன்ன அடையாளங்களுடன் ஒரு குழந்தை வந்தால், பார்த்தே சொல்லிவிடலாம். ஐயம் இருந்தால், கன்னத்தின் உட்புறத்தில், சுரப்பியை வெளியிலிருந்து அரை நிமிடம் நீவிவிட்ட பின், பஞ்சுக் குச்சியால் உமிழ்நீர் எடுத்துப் பி.சி.ஆர். பரிசோதனை செய்வதே சிறந்தது. வீக்கம் தொடங்கி மூன்று நாட்களுக்குள் எடுத்தால் வைரஸ் தட்டுப்பட வாய்ப்பு அதிகம். தடுப்பூசி போட்டவர்களுக்கு ரத்தத்தில் செய்யும் ஐ.ஜி.எம். பரிசோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

எத்தனை நாள் மற்றவர்களுக்குத் தொற்றும்? பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

வீக்கம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் ஐந்து நாள் வரை தொற்றும். இருமல், தும்மல், பேச்சில் தெறிக்கும் எச்சில், ஒரே டம்ளரில் குடிப்பது, தட்டைப் பகிர்வது ஆகியவற்றால் இது பரவுகிறது. வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாட்கள் முழுமையாக வீட்டில் இருந்துவிட்டு, அதன்பின் பையன் தெம்பாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். அப்போது கன்னத்தில் சிறிது வீக்கம் மிச்சமிருந்தாலும் தடையில்லை.

வீங்குவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. மேலும், தொற்றியவர்களில் கணிசமானோருக்குக் கன்னம் வீங்குவதே இல்லை. வெறும் சளிக்காய்ச்சல் போல வந்து போகும். ஆகவே தனிமைப்படுத்துவது பரவலைக் குறைக்குமே தவிர நிறுத்திவிடாது. ‘பையனை யாருடனும் சேரவிடவில்லையே, எப்படி வந்தது?’ என்று பெற்றோர் தங்களைத் தாங்களே குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? கழுத்தில் தங்கச் சங்கிலி போடச் சொல்கிறார்களே?

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. உடலே அதை வெல்லும். நாம் செய்வதெல்லாம் வலியையும் காய்ச்சலையும் தணிப்பதும், நீர்ச்சத்துக் குறையாமல் காப்பதும்தான். பாராசிட்டமால், குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தரலாம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம் ஆகும். வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் தந்தால் கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும் அரிதான, கடுமையான நோய் வரக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கு அதைத் தரவே கூடாது. மெல்லுவது வலிக்கும், கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, பருப்புத் தண்ணீர் போதும். எலுமிச்சை, ஆரஞ்சு, புளிக்குழம்பு போன்றவற்றைச் சில நாள் தவிர்த்தால் வலி குறையும். ஈரத்துணி ஒத்தடம் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ, எது இதமோ அதைக் கொடுக்கலாம்.

தங்கச் சங்கிலி போடுவதால் தீங்கில்லை, பயனுமில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் தானாகவே வடிகிறது; அந்த ஒரு வாரமும் சங்கிலி கழுத்தில் இருந்ததால் அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. ஆனால் சுண்ணாம்பு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களைப் பூசினால் தோல் வெந்து புண்ணாகும். மேலும், பற்று கெட்டியாக மூடியிருந்தால் வீக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க முடியாது.

சங்கிலியைவிட எனக்குக் கவலை தருவது, கன்னம் வடிந்ததும் நோய் முடிந்துவிட்டது என்று எல்லோரும் கவனிப்பதை நிறுத்திவிடும் வழக்கம். இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாக உடலெங்கும் செல்கிறது. விரை, உட்காது, மூளையுறை, கணையம் ஆகியவற்றில் அது விளைவிக்கும் கேடுகள் பல சமயம் கன்னம் வடியத் தொடங்கும் இரண்டாவது வாரத்தில்தான் வெளிப்படுகின்றன.

மகனிடமிருந்து எனக்குத் தொற்றுமா? எனக்கு 34 வயது. பெரியவர்களுக்கு விரை வீங்கும் என்கிறார்கள்.

நீங்கள் சிறுவயதில் இந்நோய் வராதவர், தடுப்பூசியும் போடாதவர் என்றால் தொற்றக்கூடும். நோய் அரும்பும் காலம் 12 முதல் 25 நாட்கள். பெரும்பாலும் 16 முதல் 18 நாட்கள். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

ஏழு வயது மகனுக்கு மார்ச் 3 அன்று கன்னம் வீங்குகிறது. மார்ச் 1 முதல் 8 வரை அவனிடமிருந்து பிறருக்குத் தொற்றும். அப்படியானால் தந்தைக்கு மார்ச் 13 முதல் ஏப்ரல் 2 வரை எப்போது வேண்டுமானாலும் நோய் தொடங்கலாம். மார்ச் 10க்குள் மகன் குணமாகி விளையாடப் போய்விட்டான். வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மார்ச் 18 அன்று தந்தைக்குக் காதுக்குக் கீழே வீங்குகிறது. ஐந்து நாட்களில் காய்ச்சல் விட்டு, வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறார். மார்ச் 24 மாலை குளிரும் நடுக்கமுமாக மீண்டும் காய்ச்சல் 103 டிகிரிக்கு ஏறுகிறது. குமட்டல், அடிவயிற்றில் வலி. அன்றிரவே ஒரு விரை வீங்கி, சிவந்து, தொட்டால் துடிக்கும் அளவுக்கு வலிக்கிறது.

இதுவே விரை அழற்சியின் வழக்கமான வரலாறு. கன்னம் வீங்கி நான்கு முதல் எட்டு நாட்களில் இது பெரும்பாலும் தொடங்கும். சில வாரங்கள் கழித்து வருவதும் உண்டு. கன்னம் வீங்காமலே விரை மட்டும் வீங்குவதும் அரிதாக நடக்கும். தடுப்பூசி போடாத, பருவமடைந்த ஆண்களில் சுமார் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இது வருகிறது. தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பருவமடையாத சிறுவர்களுக்கு இது அரிது. ஏழு வயது மகனைப் பற்றி இந்த வகையில் அஞ்ச வேண்டியதில்லை.

விரையில் வலி வந்தால் மருத்துவரிடம் போக விடியும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். விரை வலிக்கு இன்னொரு காரணம் உண்டு: விரை தன் நாளத்தோடு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது. அப்படி முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் விரையைக் காப்பாற்ற முடியும். முறுக்கலில் வலி சட்டென்று, ஒரு நொடியில் வந்ததுபோல் தொடங்கும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, விரை மேலே ஏறி நிற்கும், வாந்தி வரும். பொன்னுக்கு வீங்கியில் காய்ச்சலுடன் சில மணி நேரத்தில் வலி படிப்படியாக ஏறும். ஆனால் இந்த வேறுபாட்டை வீட்டில் இருந்துகொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், அழற்சியில் ஓட்டம் மிகுந்தும், முறுக்கலில் குறைந்தோ நின்றோ காணப்படும். கூச்சப்பட்டு இரவைக் கடத்தும் இளைஞர்கள் அதற்கு ஒரு விரையை விலையாகக் கொடுக்க நேரிடலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அழற்சிதான் என்று உறுதியானால், படுக்கையில் ஓய்வு, விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை அல்லது அடியில் மடித்த துண்டு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், வலிநீக்கி மாத்திரைகள் ஆகியவையே சிகிச்சை. காய்ச்சலும் கடும் வலியும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணியும். தொட்டால் வலிப்பது மேலும் சில வாரங்கள் இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை வலியைத் தணிக்கலாம். ஆனால் பிற்பாடு விரை சுருங்குவதை அது தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

இனி எனக்குக் குழந்தை பிறக்காதா?

இந்த அச்சம் நோயைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. உண்மை இதுதான். விரை ஒரு கெட்டியான, நெகிழாத உறைக்குள் இருக்கிறது. அழற்சியில் உள்ளே அழுத்தம் ஏறும்போது, விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள் நசுங்கிச் சேதமடைகின்றன. எனவே பாதிக்கப்பட்ட விரைகளில் ஏறத்தாழ பாதி, பின்னர் ஓரளவு சுருங்கிச் சிறியதாகிறது. ஆனால் பெரும்பாலோருக்கு ஒரு விரையே பாதிக்கப்படுகிறது. மற்றது முழுமையாக வேலை செய்கிறது. இருபுறமும் பாதிக்கப்பட்டவர்களில் கூட முழு மலட்டுத்தன்மை அரிது. ஆண்மை, உடலுறவு ஆற்றல் ஆகியவை இதனால் போய்விடுவதில்லை. இருபுறமும் கடுமையாகச் சுருங்கிய சிலருக்கு மட்டும் ஆண் ஹார்மோன் குறையலாம். அதை ரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

நோய் வந்த சில வாரங்களில் விந்தணு எண்ணிக்கை குறைந்திருப்பது இயல்பு. அப்போது பரிசோதித்துவிட்டு மனமுடைந்து போகிறவர்கள் உண்டு. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். எனவே மேலே சொன்ன தந்தை ஜூன் மாத இறுதிக்கு முன் விந்துப் பரிசோதனை செய்வதில் பொருளில்லை. அப்போதும் எண்ணிக்கை குறைவாக இருந்தால், மேலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வர வேண்டும். திருமணமாகாத இளைஞரின் வீட்டில் இதை வைத்து முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுவது பெரும் அநீதி.

பெண்களுக்கு இப்படி எதுவும் வருமா?

பருவமடைந்த பெண்களில் சிலருக்குச் சினைப்பை அழற்சி வந்து அடிவயிறு வலிக்கும். சிலருக்கு மார்பகம் வீங்கி வலிக்கும். வலது பக்கச் சினைப்பை வலியைக் குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. ஆகவே சமீபத்தில் கன்னம் வீங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இதனால் கருத்தரிப்பு கெடுவது மிக அரிது.

இந்த நோயால் காது கேளாமல் போகும் என்பது உண்மையா?

உண்மை. விரை அழற்சியைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ பின்னதுதான் பெரிய கவலை. ஏனென்றால் விரை அழற்சி பெரும்பாலோருக்குப் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காமல் ஆறுகிறது. இந்நோயால் போன செவித்திறனோ பெரும்பாலும் திரும்புவதில்லை.

வைரஸ் உட்காதில் நத்தை வடிவில் சுருண்டிருக்கும் உறுப்பைத் தாக்கி, ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்களை அழித்துவிடுகிறது. அவை மீண்டும் முளைப்பதில்லை. பழைய நூல்களில் இது இருபதாயிரம் நோயாளிகளில் ஒருவருக்கு வரும் என்று எழுதியிருக்கும். பிற்காலத்தில் ஜப்பானில் நோயுற்ற குழந்தைகளின் செவியை வீட்டிலேயே நாள்தோறும் சோதிக்கச் செய்து கவனித்தபோது, ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது தெரிந்தது. நோய் மாறவில்லை, தேடியதால் கண்டார்கள். ஏனெனில் இந்தக் கேளாமை பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் வருகிறது. மறு காது நன்றாகக் கேட்பதால் குழந்தை கூப்பிட்டால் திரும்பும், பேசும், பாடும். பல மாதம் கழித்து, போனை ஒரு காதில் வைத்தால் ‘யாரும் பேசவில்லை’ என்று சொல்லும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

கன்ன வீக்கம் பெரிதாக இருந்தவர்களுக்குத்தான் இது வரும் என்றில்லை. லேசாக வீங்கியவருக்கும், வீங்கவே இல்லாதவருக்கும் வரலாம். வீக்கத்துக்கு நான்கு நாள் முன்பிருந்து, வீங்கிய பின் 18 நாள் வரை இது தொடங்கக்கூடிய காலம். நம் எடுத்துக்காட்டில் உள்ள ஏழு வயதுப் பையனுக்கு அது மார்ச் 21 வரை நீள்கிறது. அவனோ மார்ச் 10ஆம் தேதியிலேயே விளையாடப் போய்விட்டான்.

வீட்டிலேயே காதை எப்படிச் சோதிப்பது?

வீங்கிய நாள் முதல் மூன்று வாரங்களுக்கு, தினமும் ஒருமுறை, விசிறியும் டிவியும் நிறுத்திய அறையில் இதைச் செய்யுங்கள். குழந்தைக்குப் பின்னால் நின்று, அதன் ஒரு காதுக்கு அருகில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசுங்கள்; கேட்கும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு மறு காதில் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே தொலைவில் கேட்கிறதா என்று பாருங்கள். சற்று வளர்ந்த குழந்தை என்றால் போனில் அத்தையையோ மாமாவையோ மெல்லிய குரலில் பேசச் சொல்லி, முதலில் ஒரு காதிலும் பிறகு மற்றதிலும் வைத்துக் கேட்கச் செய்யலாம். கைதட்டிப் பார்ப்பது போதாது; அந்தச் சத்தம் தலையைச் சுற்றி மறு காதுக்குப் போய்விடும்.

காதில் இரைச்சல், தலைசுற்றல், நடக்கும்போது தள்ளாட்டம், காரணமில்லாத வாந்தி ஆகியவையும் உட்காது பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள். ஐயம் எழுந்த அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் ஒலித்திறன் சோதனை செய்வார். பதில் சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்கு உறக்கத்திலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

காது போய்விட்டால் சிகிச்சையே இல்லையா?

திடீர்ச் செவிட்டுத்தன்மைக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பொன்னுக்கு வீங்கியால் வந்த கேளாமையில் அது பெரிதாகப் பலன் தருவதில்லை என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆயினும் சீக்கிரம் கண்டறிவதில் பயனுண்டு. ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தைக்கு இரைச்சலில் பேச்சு புரியாது, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. சாலையைக் கடக்கும்போது அது ஆபத்து. வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். கேளாத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவிகள் உள்ளன. அரிதாக இரு காதும் போனால், உட்செவிக் கருவியைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை கைகொடுக்கும்.

கன்னம் வீங்கிய குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும். இது மூளைக்காய்ச்சலா?

இருக்கலாம். இந்த வைரஸ் நரம்பு மண்டலத்துக்குள் எளிதாக நுழையக்கூடியது. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் தண்டுவட நீரில் அழற்சியின் தடயம் இருக்கும். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மூளையுறை அழற்சியின் அறிகுறிகள் தெரிவது நூற்றில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுதல், கழுத்து விறைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். படுத்திருக்கும் குழந்தையால் தாடையை நெஞ்சில் தொடவைக்க முடியாவிட்டால் கழுத்து விறைத்திருக்கிறது என்று பொருள். கன்னம் வீங்கிச் சில நாட்களில் இது வருவதே வழக்கம். ஆனால் முன்பே வருவதும் உண்டு. பலருக்குக் கன்னம் வீங்குவதே இல்லை.

இந்த வகை மூளையுறை அழற்சி, பாக்டீரியாவால் வருவதைப் போல உயிரைக் குடிப்பதன்று. ஓய்வும் நீர்ச்சத்தும் வலிநீக்கியும் தந்தால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் குறையொன்றும் இல்லாமல் குணமாகிறது. வைரஸ் உறையைத் தாண்டி மூளைக்குள்ளேயே அழற்சியை உண்டாக்குவது, ஆயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானோருக்கே நேர்கிறது. ஆனால் அது உயிருக்கு ஆபத்தானது. குழந்தை எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, வீட்டாரை அடையாளம் தெரியாமல் பேசினாலோ, அது எந்த நேரமானாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சம்மதிக்கலாம். கழுத்து விறைத்த ஒரு குழந்தையைப் பார்த்தவுடன் மருத்துவர் அஞ்சுவது பாக்டீரியா மூளையுறை அழற்சியை. அதற்குச் சிகிச்சை தாமதமானால் குழந்தை பிழைக்காது. வைரஸ் பாதிப்பில் நீரில் ஒரு வகை வெள்ளணுக்கள் மிகுந்து, சர்க்கரை பெரும்பாலும் இயல்பாக இருக்கும். பாக்டீரியாவில் வேறுவகை வெள்ளணுக்கள் பெருகி, சர்க்கரை குறையும். பொன்னுக்கு வீங்கியில் சில சமயம் சர்க்கரை சற்றுக் குறைவதால் குழப்பம் வரும். எனவே முடிவு உறுதியாகும்வரை ஆன்டிபயாட்டிக் கொடுத்து வைப்பது வீண் செலவன்று. ஊசி, தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே போடப்படுகிறது. அதனால் கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

மேல்வயிறு வலித்து வாந்தி வருகிறது. இதுவும் அதனால்தானா?

கணைய அழற்சியாக இருக்கலாம். நோயாளிகளில் ஒரு சிலருக்கு, பெரும்பாலும் லேசாக வருகிறது. இதில் ஒரு நுட்பம்: கணையம் சுரக்கும் அமைலேஸ் என்னும் செரிமான நொதியின் அளவு ரத்தத்தில் கன்ன வீக்கத்தாலேயே உயரும், ஏனெனில் உமிழ்நீர்ச் சுரப்பியும் அதைச் சுரக்கிறது. கணையத்தை அறிய லைப்பேஸ் என்னும் மற்றொரு நொதியின் அளவைப் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் எல்லாத் தடுப்பூசியும் போட்டோமே, பிறகு ஏன் வந்தது?

இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் போடப்படுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய எம்.ஆர். ஊசி. 2017ஆம் ஆண்டு இது அறிமுகமானபோது முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி இல்லை. அதையும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுத்துப் போடப்படுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 9ஆம் மாதம், 15ஆம் மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணைகளைப் பரிந்துரைக்கிறது. உங்கள் குழந்தையின் அட்டையை எடுத்து ‘எம்’ ஒன்று இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் 2011 முதல் எம்.எம்.ஆர். அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. பொன்னுக்கு வீங்கியை லேசான நோய் என்று ஒதுக்கிவைத்த கணக்கில், காது போன குழந்தைகள் எண்ணப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். 2024இல் கேரளத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்நோய் பரவியதும் அந்தக் கணக்கை மீண்டும் பார்க்கச் சொல்கிறது.

எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்டவர்களுக்கும் வரலாம். ஒரு தவணை சுமார் 78 விழுக்காடும், இரண்டு தவணை சுமார் 88 விழுக்காடும் காக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல காப்பு சற்றுத் தேய்கிறது. அப்படி வந்தாலும் பின்விளைவுகள் குறைவு.

தடுப்பூசியாலேயே மூளைக்காய்ச்சல் வரும் என்று கேள்விப்பட்டேன்.

இதன் பின்னால் ஒரு உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. ஜப்பான் 1989இல் எம்.எம்.ஆர். ஊசியைத் தொடங்கியது. அதில் இருந்த உராபே என்னும் வைரஸ் வகை, ஊசி போட்டுச் சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கியது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக இது தெரியவந்ததால் 1993இல் அந்நாடு எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்திவிட்டது, பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி, விரும்பியவர் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஒன்றாகிவிட்டது. நோய் அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அலையலையாக வந்துகொண்டே இருந்தது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் பொன்னுக்கு வீங்கியால் செவித்திறன் இழந்ததாக அந்நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலும் குணமாகிவிடும் ஒரு பக்கவிளைவுக்கு அஞ்சி ஊசியைக் கைவிட்டதற்கு, குணமாகாத கேளாமை விலையாகப் போயிற்று.

எல்லா வகையும் உராபே அல்ல. அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் 1963இல் நோயுற்ற தன் மகளின் தொண்டையிலிருந்து எடுத்து உருவாக்கிய ஜெரில் லின் வகையில் இந்தத் தொல்லை காணப்படவில்லை. இந்தியாவில் செய்யப்படும் ஊசியில் பயன்படும் எல்-ஸாக்ரெப் வகையில் மிகச் சிலருக்கு லேசான மூளையுறை அழற்சி வந்ததாகப் பிற நாடுகளில் பதிவாகியுள்ளது, அவர்கள் குணமடைந்தார்கள். ஊசி போட்ட இரண்டு, மூன்று வாரங்களில் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் மருத்துவரிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவனுக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்றே ஊசி போட்டால் தடுக்க முடியுமா?

ஏற்கெனவே தொற்றியிருந்தால் இன்று போடும் ஊசி அதைத் தடுக்காது. தட்டம்மையில் மூன்று நாட்களுக்குள் ஊசி போட்டால் காப்பு கிடைக்கும். பொன்னுக்கு வீங்கியில் அப்படி இல்லை. ஆனாலும் இன்னும் தொற்றாதவருக்கு அடுத்த முறைக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதாலும், உடலில் வைரஸ் இருக்கும்போது ஊசி போடுவதால் நோய் கடுமையாவதில்லை என்பதாலும், போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் போடக் கூடாது. ஊசி போட்ட பெண்கள் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். வீட்டில் இருக்கும் தந்தை, அண்ணன், கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் சித்தப்பா என்று, சிறுவயதில் இந்நோய் வராத ஆண்கள் அனைவரும், கடைசி நோயாளியோடு இருந்த கடைசி நாளிலிருந்து 25 நாட்கள் வரை தங்கள் உடலைக் கவனித்து வர வேண்டும். கன்னம் வீங்கினால் ஐந்து நாட்கள் விடுதிக்கோ வேலைக்கோ திரும்பக் கூடாது.